4 மணி நேரம் வேகும் பாயாவை 22 நிமிட எபிசோடில் எழுதுவது எப்படி?

கேள்வி: “நானும் என் அத்தையும் சேர்ந்து சமையல் நிகழ்ச்சி ஒன்று ஆரம்பிக்கிறோம். முதல் எபிசோடு ஆட்டுக்கால் பாயா, விறகடுப்பில். சேலத்தில் வீட்டில் வைத்துப் பார்த்தோம், சரியாக 4 மணி நேரம் ஆனது. ஷூட்டிங் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டில், ஒரே நாள். நிகழ்ச்சி 22 நிமிடம். இருவரும் பேசிக்கொள்வது, திரையில் வரும் சாமான் பட்டியல், நேரக் கணக்கு எல்லாம் சேர்த்து முழு ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?”

பேச்சை எழுத உட்காருவதற்கு முன்னால் அந்த 4 மணி நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆட்டுக்காலில் கறி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தோல், நரம்பு, மூட்டுச் சவ்வு, இவ்வளவுதான். இவை கரைந்து பசையாவதுதான் பாயா. அந்த 4 டிகிரி குறைந்தால் கரைவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மந்தமாகும். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வேகும் இறைச்சிக்குக் கால் பங்கு வரை கூடுதல் நேரம் வைக்க வேண்டும் என்பது மலைப்பகுதிச் சமையலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆக உங்கள் 4 மணி நேரம் மேலே 5 மணி நேரம். விறகைத் தள்ளித் தள்ளி எரித்தாலும் வெப்பம் 95-ஐத் தாண்டாது, தண்ணீர்தான் சுண்டும். அடுப்பை நன்றாக எரியவிட்டால் சமாளித்துவிடலாம் என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இந்த 5 மணி நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். கொதி வந்ததிலிருந்து மூன்றரை மணி நேரம் கால் மட்டும் மஞ்சள், இஞ்சி, கொஞ்சம் உப்போடு வேகும். பிறகு மசாலா ஊற்றி ஒன்றேகால் மணி நேரம். கடைசிக் கால் மணி நேரம் தேங்காய் அரைத்து ஊற்றிய பின். தேங்காய்க்கு அதற்கு மேல் நேரம் கொடுத்தால் அது திரிதிரியாகப் பிரிந்து மேலே எண்ணெய் மிதக்கும், கேமராவில் அசிங்கமாகத் தெரியும். இன்னொன்று: இது மாறாத கணக்கு இல்லை. இளங்கால் என்றால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வெந்துவிடும், முற்றிய ஆடு என்றால் அவ்வளவு பின்னால் போகும். அதனால் ஸ்கிரிப்டில் நேரத்தோடு அடையாளத்தையும் எழுதுங்கள். மூட்டைக் கரண்டியால் அழுத்தினால் எலும்பு தானாக விலக வேண்டும். குழம்பில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்தது பானை. மெதுவாக வேகும் சமையல் என்றாலே பச்சை, பாதி வெந்தது, முழுதும் வெந்தது என்று மூன்று பானை வேண்டும் என்பார்கள். உங்கள் வேலைக்கு இரண்டே போதும்: கேமரா முன்னால் ஏற்றும் பச்சைப் பானை ஒன்று, அதற்கு முன்பே உள்ளே வேகத் தொடங்கும் பானை ஒன்று. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். மதியம் 1:15-க்கு பாயா இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உள்ளே வேகும் பானை காலை 8:15-க்கு கொதி வந்திருக்க வேண்டும், 7:30-க்கே அடுப்பேற வேண்டும். விறகடுப்பில் 3 லிட்டர் தண்ணீர் கொதிக்கக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் பிடிக்கும், காலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். கேமரா 9 மணிக்கு ஆரம்பிக்கட்டும். வரவேற்பு, கால் சுத்தம் செய்வது, பச்சைப் பானையை அடுப்பேற்றுவது, நுரை எடுப்பது எல்லாம் 11 மணிக்குள் முடியும். 11:15-க்கு உள்ளே வெந்துகொண்டிருக்கும் பானை சரியாக 3 மணி நேரத்தில் நிற்கும். அதைக் கொண்டுவந்து திறந்து காட்டி, பக்கத்தில் மசாலா வதக்கி, 11:45-க்கு ஊற்றுங்கள். 1 மணிக்கு தேங்காய். இடையில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் எல்லோரும் சாப்பிடவும், நெருக்கக் காட்சிகள் எடுக்கவும். மூன்றாவது பானை தேவைப்படவே இல்லை, பார்த்தீர்களா. நுரை எடுத்த முதல் பானை ஓரமாக வேகட்டும், அது ஆட்களுக்கு ராச்சாப்பாடு.

இரண்டு பானையும் ஒரே கடையில், ஒரே அளவில், ஒரே மாதிரி மூடியோடு வாங்குங்கள். பழைய பானை ஒன்று, புதிது ஒன்று என்று எடுத்துப் போனால் கரி காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மணி நேரம் விறகில் இருந்த பானையின் அடி கருகருவென்று இருக்கும், அப்போதுதான் ஏற்றியது பளபளக்கும். இரண்டுக்கும் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடுங்கள். தேய்க்கவும் சுலபம், பார்க்கவும் ஒன்றுபோல் இருக்கும். தண்ணீர் மட்டம் குறைந்திருப்பதை மறைக்க வேண்டாம், 3 லிட்டர் ஒன்றரையாகச் சுண்டுவது நடந்த வேலைக்குச் சாட்சி. ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். நான்கு காலைக் காலுக்கு நான்கு துண்டாக வெட்டினால் 16. இரண்டு பானையிலும் 16. எட்டுக் காலையும் சேலத்திலேயே வாட்டி, வெட்டி வாங்கி ஐஸ் பெட்டியில் ஏற்றுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு ஒரு கால் குறைகிறது என்று யாரும் கீழே இறங்க முடியாது.

இப்போது 22 நிமிடத்தைப் பங்கு போடுவோம். முதல் 40 விநாடி, மூட்டு தானாகக் கழன்று வரும் காட்சி, பேச்சு இல்லாமல். 2:30 வரை வரவேற்பு. 5:30 வரை கால் சுத்தம் செய்து பானையில் போடுவது. 7:40 வரை கொதி, நுரை, தீயைக் குறைப்பது. அங்கே பானை மாறுகிறது. 11:30 வரை வெந்த பதம் பார்ப்பது, வறுப்பது, பேச்சு. அதோடு விளம்பர இடைவேளை. 15:00 வரை வதக்கி அரைத்து ஊற்றுவது. 18:30 வரை தேங்காய், இறக்கும் பதம். 21:20 வரை இடியாப்பத்தோடு பரிமாறிச் சாப்பிடுவது. மிச்சம் 40 விநாடி முழுப் பட்டியல். இதில் பிசகுவது எப்போதும் வரவேற்புதான். எழுதும்போது ஒரு நிமிடம், பேசும்போது நான்கு. இருவரும் உட்கார்ந்து கடிகாரம் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அவசரமில்லாத தமிழ்ப் பேச்சு நிமிடத்துக்குத் தோராயமாக 100 சொல். கை வேலை செய்துகொண்டே பேசினால் 60, 70 சொல்தான் நிற்கும். ஆக 7:40 முதல் 11:30 வரையுள்ள நான்கு நிமிடத்துக்கு 250 சொல்லுக்கு மேல் எழுதினால் பாதியை வெட்ட வேண்டியிருக்கும்.

பானை மாறும் இடத்தைத்தான் ஸ்கிரிப்டில் சொல் பிசகாமல் எழுத வேண்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்புறம் படம், வலப்புறம் பேச்சும் ஒலியும் எழுதுவது வழக்கம். இங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன்.

7:20. படம்: அத்தையின் கை, எரியும் விறகில் இரண்டை வெளியே இழுக்கிறது. மூடி பாதி சாய்த்திருக்கிறது.
அத்தை: இனி இது அதும்பாட்டுக்கு வேகட்டும் கண்ணு. நாம பக்கத்துலயே நின்னா சீக்கிரம் வெந்துருமா என்ன?
நீங்கள்: எவ்வளவு நேரமுங்க அத்தை?
அத்தை: கொதி வந்ததுல இருந்து மூணு மணி நேரம். மலைமேல சமைக்கிறோம்ல, கீழன்னா ரெண்டரை.
7:36. படம்: மூடி மட்டும், நெருக்கத்தில், 10 விநாடி, கேமரா அசையாமல். திரையில்: “3 மணி நேரம் கழித்து. சமவெளியில் சுமார் 2½ மணி நேரம்”.
7:46. ஒலி: மூடி திறக்கும் சத்தம். படம்: ஆவி, பிறகு கரண்டியில் ஒரு துண்டு.
அத்தை: பாரு, தோலு மெத்துனு ஆயிருச்சு. ஆனா மூட்டு இன்னும் விடல.
நீங்கள்: இதையே குக்கர்ல வைக்கக் கூடாதாங்க?

மாறுவது மூடியின் மேல் நடக்கிறது, அதனால்தான் ஒரே மாதிரி மூடி. “ஏற்கெனவே செய்து வைத்ததை எடுத்துக்கலாம்” என்று சொல்லிப் பானையைத் தூக்கி வருவதிலும் தப்பில்லை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நேரம் திரையில் சரியாக எழுதியிருந்தால் அந்த வரி தேவையில்லை என்பது என் எண்ணம், விறகடுப்பின் நிதானம் கெடுகிறது. ஆனால் “கொதி வந்ததிலிருந்து” என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். அடுப்பேற்றியதிலிருந்து எண்ணுகிறவர் அரை மணி நேரம் முன்னால் இறக்கிவிட்டு, கால் வேகவில்லை என்று உங்களுக்குத்தான் எழுதுவார்.

அந்தக் குக்கர் கேள்வியைக் கவனியுங்கள். இளையவர் கேட்பது எல்லாம் பார்ப்பவர் மனதில் இருக்கும் கேள்வியாக இருந்தால் அரட்டை தானாக உருப்படும். அத்தை இப்படிப் பதில் சொல்லலாம்: “வைக்கலாமே. மொத விசில் வந்ததும் தீயைச் சின்னதா வெச்சு முக்கால் மணி நேரம். ஆனா கொழம்பு கலங்கலா இருக்கும், நுரை எடுக்க முடியாதுல்ல.” இதில் ஒரு நேரம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, இருவரும் சும்மா பேசிக்கொண்டது போலவும் இருக்கிறது. இதே மாதிரி இன்னும் மூன்று கேள்வி போதும். வாட்டிய கால் நன்றாக வாட்டியதா என்று எப்படிப் பார்ப்பது (குளம்பை ஒட்டிய மடிப்பில் முடி நிற்கிறதா, கருகிய வாடை அடிக்கிறதா)? கொதிக்கும்போது தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது (வெந்நீர்தான், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி வேகும் நேரம் நீளும்)? காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடியைக் காட்டி, கடை மிளகுக்கும் இதற்கும் அளவு மாறுமா? ஊர்க்கதையும் நக்கலும் இவற்றின் மேலே வந்து உட்காரும்.

அத்தையின் பேச்சை முழுதாக எழுதிக் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் கை நின்றுவிடும், கண் காகிதத்தைத் தேடும். ஒவ்வொரு பகுதிக்கும் முதல் வரி, கடைசி வரி, நடுவில் சொல்ல வேண்டிய இரண்டு அளவு, அவ்வளவும் போதும். முதல் வரி உங்களுக்கு அடையாளம், கடைசி வரி கேமராக்காரருக்கு. பேச்சில் “காலையிலிருந்து”, “மதியச் சாப்பாட்டுக்கு”, “மழை வரும்போல” போன்றவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 11:15-க்கு எடுத்ததும் 9:30-க்கு எடுத்ததும் திரையில் அடுத்தடுத்து வரும். வறுக்கும்போது பேசலாம், மிக்ஸி ஓடும்போது பேசக் கூடாது, அம்மி அரைக்கும்போதும் முக்கியமான அளவைச் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பேசும் பேச்சை வெட்டினால் துள்ளும். கையைப் பார்த்துக்கொண்டே பேசினால் நெருக்கக் காட்சியைப் போட்டு எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அதனால் நீளமான பேச்சு எல்லாம் வெங்காயம் உரிக்கும்போது வரட்டும்.

திரைப் பட்டியலுக்கு வருவோம். இந்தப் பாயாவுக்கு 17 சாமான். எல்லாவற்றையும் ஆரம்பத்தில் ஒரே பலகையில் போட்டால் போனில் பார்ப்பவர் ஒன்றையும் படிக்க மாட்டார். அடுப்பில் போகிற வரிசையில் நான்காகப் பிரியுங்கள். வேகவைக்க: வாட்டிய ஆட்டுக்கால் 4, தண்ணீர் 3 லிட்டர், தட்டிய இஞ்சி 20 கிராம், மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், கல்லுப்பு 1 டீஸ்பூன். வறுக்க: மல்லி 2 டேபிள்ஸ்பூன், மிளகு 1 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், சோம்பு 1 டீஸ்பூன். வதக்க: நல்லெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், தக்காளி 2, கறிவேப்பிலை ஒரு கொத்து. கடைசியாக: தேங்காய் அரை மூடி, கசகசா 1 டீஸ்பூன், மல்லித்தழை. உப்பை இரண்டு தவணையாகப் போடுவதால் முதல் பலகையில் “பாதி உப்பு, மீதி கடைசியில்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாதியாகச் சுண்டும்போது உப்பு இரட்டிப்பாக ஏறும். தொடக்கத்திலேயே வாய்க்குச் சரியாகப் போட்டவர் கடைசியில் உருளைக்கிழங்கைத் தேடுவார்.

ஒரு பலகை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு, அதை நிதானமாக ஒரு முறை வாய்விட்டுப் படித்து, மேலே 2 விநாடி கூட்டுங்கள். ஐந்து வரிக்கு 9, 10 விநாடி வரும். அதுவரை பின்னால் ஓட அசையாத காட்சி ஒன்று வேண்டும். அங்கேதான் எடிட்டிங்கில் கை பிசைவார்கள், சாமான் தட்டை நான்கு விநாடி எடுத்திருப்பார்கள். ஸ்கிரிப்டிலேயே “தட்டு, மேலிருந்து, 12 விநாடி, இடப்பக்கம் காலியாக” என்று எழுதிவிடுங்கள். எழுத்து அந்தக் காலி இடத்தில் உட்காரும். படத்தின் அடி ஓரத்தில் எழுத்து வேண்டாம், போனில் தொட்டால் அங்கேதான் ஓட்டப்பட்டை வந்து மறைக்கும். தமிழ் எழுத்தைச் சரியாக அமைக்காத எடிட்டிங் மென்பொருளில் “கொ”, “கை” போன்றவற்றின் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பலகையை வேறெங்காவது படமாகச் செய்து கொண்டுவந்து ஒட்டுங்கள்.

பலகையில் “150 கிராம்” என்று நிற்க, அத்தை “ரெண்டு கை வெங்காயம்” என்று சொல்வார். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் பிரச்சினையே இல்லை, நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முதல் நாளே அவர் கையால் அள்ளச் சொல்லித் தராசில் வையுங்கள். கைக்கு 75 கிராம் வந்தால் பலகை சரி. 110 வந்தால் பலகையை மாற்றுங்கள், அத்தையை மாற்றாதீர்கள். மொத்த அளவையும் அன்று காலை உள்ளே வேகும் பானைக்குப் போட்டதிலிருந்து எடுத்து எழுதுவதே பாதுகாப்பு, அதுதான் தட்டுக்கு வரப்போகும் பாயா.

ஏற்காட்டுக்கென்று இரண்டு எச்சரிக்கை. குளிரில் இருந்த கேமராவை அடுப்பங்கரைக்குள் கொண்டுவந்தால் லென்சில் பனி படியும், துடைக்கத் துடைக்க வரும். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே உறையைத் திறக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிடுங்கள். ஆவி எடுக்கும்போது பானைக்கு நேர்மேலே போகாமல், தள்ளி நின்று நெருக்கிக் காட்டுங்கள். பின்னால் ஒரு வெளிச்சம் இருந்தால் அந்தக் குளிரில் ஆவி சேலத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். அடுத்தது ஜன்னல். மூடுபனி வந்து போகும்போது உள்ளே வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஜன்னலைத் துணியால் மறைத்து விளக்கில் எடுத்தால்தான் காலை 9:30 காட்சியும் மதியம் 1 மணிக் காட்சியும் ஒட்டும்.

1 மணிக்கு மூட்டு விடவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் ஸ்கிரிப்டிலேயே எழுதி வையுங்கள், அப்போது யோசித்தால் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். தேங்காயை ஊற்றாதீர்கள், ஊற்றினால் பிறகு வேகவைக்க வழியில்லை. மூடியைப் போட்டுவிட்டு இடியாப்பம் பிழியும் காட்சி, மிளகுக் கொடி, கடைசி 40 விநாடிப் பட்டியலுக்கான தட்டுகள், இருவரும் கையசைத்து விடைபெறுவது, நான்கையும் முதலில் எடுங்கள். முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் பெரும்பாலான கால் இறங்கிவிடும். தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குக் கீழே போயிருந்தால் கால் லிட்டர் வெந்நீர், உப்பு அதற்குப் பிறகு.